நல்ல கால் முதலில்

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு போன் செய்து, 13-ஆம் தேதியோடு ஆள் வேண்டாம் என்று சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் ஏதோ தட்டச்சு செய்துகொண்டே, "கேஸ் முடிஞ்சிருச்சா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தட்டும் சத்தம் நின்றது. குரலை இறக்கி, "எப்ப மேடம்?" என்றார்.

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. "ஐயோ, இல்லைங்க. அப்பாயி நல்லாயிட்டாங்க. நடக்கிறாங்க" என்றேன். "ஓ, ரெக்கவரி கேஸா! சூப்பர் மேடம்" என்று மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்.

சாயங்காலம் டீ குடிக்கும்போது இதை ஒரு வேடிக்கையாக, அப்பாயியைப் பார்த்துக்கொள்ள வந்த அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு கேட்டதுல தப்பில்ல பாப்பா" என்றார். ஒன்பது வருடத்தில் 23 வீடுகளில் வேலை பார்த்திருக்கிறார். அதில் எழுந்து நடந்தவர்கள் அப்பாயியோடு சேர்த்து ஐந்து பேர். இரண்டு மூன்று வீடுகளில் பணம் கட்ட முடியாமல் நிறுத்திவிட்டார்கள். மற்ற வீடுகளில் எல்லாம் கேஸ் முடிந்தது என்றால் அந்தப் பெண் நினைத்த மாதிரிதான் முடிந்தது.

"செத்த வீட்டுல ஒரு முறை இருக்கு. கருமாதி முடியற வரைக்கும் இரும்மாம்பாங்க. சேல எடுத்துக் குடுப்பாங்க. கூட உக்காந்து அழுவோம். அப்புறம் கெளம்பி வந்துருவேன். நல்லான வீட்டுலதான் என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியாது. பைய எடுத்துக்கிட்டு நிப்பேன், அவங்களும் நிப்பாங்க."

டிசம்பர் 7-ஆம் தேதி எங்கள் வீட்டு வாசலிலும் அப்படித்தான் நின்றோம்.

அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை, அது அவரே கேட்டுக்கொண்டது. அம்மாவுக்கு மட்டும் அவர் "வாம்மா, போம்மா". மற்ற எல்லோருக்கும் அக்கா. 79 வயது அப்பாயியும் சில நேரம் வாய் தவறி அக்கா என்பார். எங்கள் வீடு திருச்சி உறையூரில். அக்காவுக்குத் துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கிராமம். வயது நாற்பத்தாறு. இரண்டு பெண்கள், சின்னவள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

அப்பாயி விழுந்தது ஆடிப்பெருக்குக்கு நான்கு நாள் முன்பு. கொல்லையில் துவைக்கிற கல் ஓரம் பாசி பிடித்திருந்தது. பெருக்குக்குக் கழுவி வைக்க வேண்டும் என்று குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போனார். விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடை எலும்பின் மேல்முனையில் பந்து மாதிரி ஒரு பகுதி இருக்குமே, அதற்குக் கீழே இருக்கும் கழுத்து முறிந்துவிட்டது. அந்தப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்தைப் பொருத்தினார்கள். இடுப்புக் கிண்ணம் அப்பாயியுடையதே இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே பிடித்து நிற்க வைத்து, ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பும்போது டாக்டர் மூன்று கட்டளை சொன்னார். இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது, காலை ஒன்றன்மேல் ஒன்று போடக் கூடாது, அடிபட்ட காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. மீறினால் புதுப் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடலாம். மூன்று மாதம் இப்படி. கேட்பதற்குச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் அப்பாயி அறுபது வருடமாகச் சம்மணமிட்டுச் சாப்பிட்டவர், அரிவாள்மனையில் குத்தவைத்துக் காய் நறுக்கியவர். தரையோடு இருந்த வாழ்க்கை முழுவதையும் நாற்காலி உயரத்துக்குத் தூக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். எனக்கு வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை, ஆனால் நாள் முழுக்க மீட்டிங். அப்பாவுக்குத் தன் அம்மாவைக் குளிப்பாட்டக் கூச்சம், அப்பாயிக்கு அதைவிடக் கூச்சம். அதனால்தான் ஏஜென்சி.

முதலில் வந்த பெண் மூன்றே நாளில் போய்விட்டாள். பாவம், சின்னப் பெண். ராத்திரியில் அப்பாயி இடம் தெரியாமல், "எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று கத்தியதில் பயந்துவிட்டாள். வயதானவர்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வருவது சாதாரணம், பெரும்பாலும் சில நாளில் தெளியும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். அவளுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 14-ஆம் தேதி அக்கா வந்தார். ஒரு ரெக்சின் பை, ஒரு கட்டைப் பை. நோயாளி எங்கே என்று கேட்பதற்கு முன் கக்கூஸ் எங்கே என்று கேட்டார். கட்டிலிலிருந்து அதுவரை காலடி எண்ணிக்கொண்டே நடந்தார். பிறகு கட்டில் பக்கத்தில் நின்று அதன் உயரத்தைத் தன் முட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து, "தாழ்வா இருக்கு. நாலு காலுக்கும் கட்டை வைக்கணும்" என்றார். முட்டி இடுப்பைவிட மேலே போகும்படி உட்கார்ந்தால், எழும்போது இடுப்பு மடங்கத்தான் செய்யும். டாக்டர் சொன்ன முதல் கட்டளை எங்கள் வீட்டுக் கட்டிலில் ஒரு வாரமாக ஒரு நாளைக்குப் பத்து தடவை மீறப்பட்டுக்கொண்டிருந்தது. தினமும் பக்கத்தில் நின்று பார்த்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அவர் அப்பாயியைத் தூக்கவே இல்லை. இதை நான் கவனிக்க ஒரு வாரம் ஆனது. நாங்களெல்லாம் கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்புவோம். அக்கா ஒரு துண்டை நீளமாக மடித்து அப்பாயியின் இடுப்பைச் சுற்றி, பின்பக்கம் பிடித்துக்கொள்வார். "முன்னாடி சாயுங்கம்மா. பாதம் எங்க இருக்கு? அடிபட்ட கால முன்னாடி நீட்டிக்குங்க. இப்ப நாற்காலிக் கையை அமுக்கி நீங்களே எந்திரிங்க" என்பார். அப்பாயி திட்டுவார். "சம்பளம் வாங்குற, தூக்கிவிட மாட்டியா?" அக்கா சிரித்துக்கொண்டே நிற்பார். ஒரு நிமிடம், சில நாள் மூன்று நிமிடம் கூட. எழுந்துவிட்டால் வாக்கர் முன்னே, அடுத்து அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால். இதைப் பாட்டு மாதிரி சொல்லிச் சொல்லி, தெருவில் விளையாடும் பிள்ளைகள் வரை மனப்பாடம்.

காலையில் துடைத்துவிடும்போது குதிகால், வால் எலும்பு இரண்டையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். படுக்கைப் புண் வரப்போகிற இடம் சிவக்கும், விரலால் அமுக்கினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். "அது சிவத்த தோலுக்கு. நம்ம நெறத்துக்குக் கண்ணுல தெரியாது. சூடு தெரியும், இல்லாட்டி கெட்டியா இருக்கும்" என்றார் அக்கா. மூன்றாவது வாரம் ஒருநாள் இடது குதிகாலில் அந்தச் சூடு தெரிந்தது. அன்றிலிருந்து கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்தார். நான்கு நாளில் சரியாகிவிட்டது. எங்கள் கண்ணுக்கு அந்தக் குதிகால் ஒருநாளும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

அவர் ஒரு நோட்டு வைத்திருந்தார். கோடு போட்ட எண்பது பக்க நோட்டு. மணி, சாப்பாடு, மூத்திரம், வெளிக்கு, மாத்திரை, தூக்கம், நடை என்று கட்டம் போட்டு எழுதுவார். முதல் வாரத்தில் ஒரு நாளுக்கு மூன்று பக்கம் போயிருக்கிறது. செப்டம்பரில் மூத்திரக் கட்டம் காணாமல் போய்விட்டது, அப்பாயி தானே போகிறாரே, யார் எண்ணுவது. தசரா சமயத்தில் தூக்கக் கட்டம் போனது. நவம்பர் நடுவில் ஒரு நாளுக்கு நான்கு வரி. கடைசியில் ஒரு பக்கத்தில் "சாம்பார் சாதம். கோயில் முக்கு வரை நடை. மருமகளோடு சண்டை" என்று மட்டும் இருக்கிறது.

"நீங்க" என்று ஆரம்பித்தவர் எப்போது "நீ வா அப்பாயி"க்கு மாறினார் என்று நோட்டில் இல்லை. அந்த மாற்றத்தை நான் மட்டுமல்ல, அம்மாவும் கவனிக்காமல் விட்டிருக்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலை முடிந்துவிட்டது என்பதை எங்களிடம் முதலில் சொன்னதே அக்காதான். நவம்பர் நடுவில் பிசியோதெரபிஸ்ட் வந்திருந்தார். அவர் மாதம் ஒருமுறை ஒரு சோதனை வைப்பார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பாயி எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து, மறுபடி உட்கார வேண்டும். எத்தனை நொடி என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பார். செப்டம்பரில் 52. அக்டோபரில் 27. அன்றைக்கு 17. பன்னிரண்டுக்கு மேல் இருந்தாலே விழுகிற ஆபத்து இருக்கிறது என்றுதான் கணக்கு, அதனால் வாக்கரை இப்போதைக்கு விட வேண்டாம், ஆனால் ஆள் பிடிக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் கைதட்டினோம். அக்காவும் கைதட்டினார். ராத்திரி நான் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"பாப்பா, அப்பாகிட்ட சொல்லிரு. அடுத்த மாசம் பாதியோட நான் வேணாம்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஏதாவது பிரச்சினையா, அம்மா ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்ல. பகல்ல நான் சும்மா உக்காந்திருக்கேன். சும்மா உக்காந்தவளுக்கு நீங்க இருபத்தேழாயிரம் கட்டுறீங்க" என்றார்.

அந்த 27,000 ஏஜென்சிக்கு நாங்கள் கட்டுவது. அதில் அக்கா கைக்குப் போவது 20,000. மாதம் இரண்டு நாள் லீவு. ஒரு கேஸ் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சம்பளம் கிடையாது. போன வருடம் அப்படி இடையில் போன நாட்களைக் கூட்டிப் பார்த்தால் எழுபது இருக்கும் என்றார். அதாவது அப்பாயி எவ்வளவு சீக்கிரம் நடக்கிறாரோ அவ்வளவு சீக்கிரம் அக்காவின் வருமானம் நிற்கும். அது தெரிந்தேதான் அவர் மூன்று மாதமாக, கை கொடுக்காமல், துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறார்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இல் ஒரு நல வாரியம் அமைத்தார்கள். அக்கா அதில் பதிவு செய்திருக்கவில்லை. ஏஜென்சி மூலம் போகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டாராம். அதை விசாரித்து ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்ததுதான் இந்த நாலு மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த காரியம். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

அப்பா மறுநாள் ஒரு யோசனையோடு வந்தார். ஏஜென்சியை விட்டுவிடலாம், அக்கா நம் வீட்டிலேயே இருக்கட்டும், சமையலுக்கும் மேல்வேலைக்கும் உதவியாக, மாதம் பதினைந்தாயிரம் தரலாம். பெரிய மனசு என்றே எனக்கும் தோன்றியது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு அப்பாவிடம் இல்லாமல் அம்மாவிடம் பதில் சொன்னார். அவருடைய கணக்கு நேரானது. ஐயாயிரம் குறையும். ஏஜென்சி ஒப்பந்தப்படி ஒரு வருடத்துக்குள் நேரடியாக வேலைக்கு வைத்தால் நாங்கள் இரண்டு மாதக் கட்டணம் அபராதம் கட்ட வேண்டும். அதையெல்லாம்விட, "ஒருதடவ சமையல் வேலைக்குன்னு போயிட்டா அப்புறம் கேஸுக்கு என்னைக் கூப்பிட மாட்டாங்கக்கா. இது நான் கத்துக்கிட்ட தொழிலு."

அப்பாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. இரண்டு நாள் கழித்துத்தான் அவரே, "நான் அந்தம்மாவை என்னன்னு நெனச்சு கேட்டேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நிறுத்துவதென்று முடிவான பிறகு எப்படி நிறுத்துவது என்பதையும் அக்காவே வகுத்தார். முதலில் ராத்திரி, அப்புறம்தான் பகல் என்றார். எனக்கு இது தலைகீழாகப் பட்டது. பகலில் அப்பாயி நடக்கிறார், அதனால் பகலில் அக்கா இல்லாமல் பழகுவதுதானே சுலபம்? "பகல்ல நீங்கல்லாம் முழிச்சிருக்கீங்க. விழுகறது ராத்திரி ரெண்டு மணிக்கு, மூத்திரத்துக்குப் போறப்ப" என்றார்.

முதல் நான்கு நாள் அப்பாயி அறையில் படுக்காமல் கூடத்தில் படுத்தார். அடுத்த நான்கு நாள் சமையலறைப் பக்கம், கதவைச் சாத்திக்கொண்டு. அப்பாயிக்கு அவர் வைத்த விதி ஒன்றுதான்: எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் முப்பது வரை எண்ண வேண்டும், அப்புறம்தான் நிற்க வேண்டும். படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். அப்பாயிக்கு ரத்த அழுத்த மாத்திரை வேறு. முப்பது எண்ணுவதற்குப் பதிலாக அவர் சமயபுரத்தாளை முப்பது தடவை கூப்பிட்டார். அது இன்னும் நல்லது, சத்தமாகக் கேட்கும் என்றார் அக்கா.

ஆறாவது ராத்திரி தப்பு நடந்தது. விழவில்லை. ஆனால் விழுந்திருக்க வேண்டியது. அப்பாயி விளக்கைப் போடவில்லை. கரண்ட் செலவாம். இருட்டில் வாக்கரின் முன்கால் அறை வாசலின் நிலைப்படியில் இடித்து நின்றுவிட்டது. உடம்பு மட்டும் முன்னே போனது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். அக்கா வந்து பார்த்தபோது அவர் பயந்திருந்ததைவிட வெட்கப்பட்டிருந்தார். "ஒங்கிட்ட நல்ல பேரு வாங்கணும்னு பாத்தேன்" என்றாராம்.

பழைய வீடு. நிலைப்படி நாலு விரல் உயரம். மருமகளாக வந்த நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறார், கால் தானாகவே உயரும். வாக்கருக்கு அது தெரியாதே. மறுநாள் அப்பா தச்சரைக் கூட்டி வந்து நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் சரிவாகப் பலகை அடித்தார். ஆள் அசைந்தால் தானாக எரிகிற சின்ன விளக்குகள் மூன்று வாங்கி, கட்டில் அடியில் ஒன்று, வாசலில் ஒன்று, கக்கூஸ் பக்கம் ஒன்று ஒட்டினேன். அக்கா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். கூடத்தில் நாலு நாள், சமையலறையில் நாலு நாள். மறுபடியும் எட்டு நாளா என்று நான் அலுத்துக்கொண்டபோது, "நான் போன பெறகு நடந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கு நடுவில்தான் நான் ஏஜென்சிக்கு போன் செய்தது. அதை அப்பாயி கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாளிலிருந்து அப்பாயி தளர்ந்துபோனார். எழும்போது முனகினார். "கையைக் குடுடீ" என்றார். நாற்காலி வரை நடக்க இரண்டு இடத்தில் நின்றார். தற்செயலாக அன்றைக்கு நானே அந்த மூன்று மீட்டர் சோதனையைச் செய்து பார்த்தேன், 26 நொடி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எலும்பில் ஏதாவது ஆகிவிட்டதா, படம் எடுக்க வேண்டுமா என்று அப்பாவும் நானும் டாக்டருக்கு நம்பர் போடப் போனோம். அக்கா தடுத்தார். கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், மெதுவாகச் சொன்னார்.

"கையில கனமே இல்ல பாப்பா. பிடிச்சிருக்காங்க, சாயல."

வலி வந்தவர் கையைப் பிடித்தால் உடம்பின் பாரம் அந்தக் கைக்கு இறங்குமாம், பிடிக்கிறவருக்குத் தோளில் தெரியுமாம். வலித்தால் வலிக்கிற காலை வேகமாக எடுத்துவிட்டு நல்ல காலில்தான் அதிக நேரம் நிற்பார்கள். அப்பாயி இரண்டு காலிலும் சமமாக, நிதானமாக, அழகாக மெதுவாக நடந்துகொண்டிருந்தார்.

யாரும் அப்பாயியிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் கதவு பாதி திறந்திருந்ததால் எனக்கு இது காதில் விழுந்தது. அக்கா அப்பாயியின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "இப்புடியே என் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்னு வையி, ரெண்டு மாசத்துல நெசமாவே புடிக்க வேண்டியிருக்கும். தொடைச் சதை அவ்வளவு சீக்கிரம் வத்திப்போகும். அப்ப ஏஜென்சில யார அனுப்புவாங்களோ. நான் வேற கேஸ்ல இருப்பேன்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் அப்பாயி, "அந்த மொதல்ல வந்த புள்ளைய அனுப்பிருவாங்களோ?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. சாயங்காலம் நான் மறுபடி நேரம் பார்த்தேன். 16.

அம்மா எங்கள் எல்லோரையும்விடக் குறைவாகப் பேசினார். அம்மாவுக்கும் அப்பாயிக்கும் நடுவே முப்பத்தைந்து வருடமாக ஒரு ஆள் நிற்கிற அளவு இடைவெளி உண்டு. அந்த இடத்தில் நாலு மாதம் அக்கா நின்றார். அப்பாயிக்குச் சேர வேண்டியதை அம்மாவும், அம்மாவுக்குச் சேர வேண்டியதை அப்பாயியும் அவர் வழியாகச் சொல்லிக்கொண்டார்கள். நாலு மணி டீ மூன்று தம்ளர். கடைசி வாரத்தில் ஒருநாள் அம்மா, "அத்தைக்கு எண்ணெய் எப்படித் தடவணும்னு எனக்குக் காட்டு" என்று அக்காவிடம் கேட்டார். முட்டி வலியோடு ஸ்டூலில் உட்கார்ந்து தடவினார். அப்பாயி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் சங்கடம்தான். ஆனால் மறுநாளும் தடவினார்.

பணக் கணக்கில் ஒரு திருட்டுத்தனம் செய்தோம், எழுதிவிடுகிறேன். மாதக் கணக்கு 13-ஆம் தேதி வரை, பணம் கட்டியாகிவிட்டது. ஆனால் 7-ஆம் தேதியே அக்கா தயாராகிவிட்டார், அப்பாயியும் தயார். ஏஜென்சியிடம் சொன்னால் மறுநாளே அடுத்த கேஸுக்கு அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் பெண்களோடு நாலு நாள் இருக்க முடியாது. அதனால் சொல்லவில்லை. அந்த ஆறு நாளும் ஏஜென்சி கணக்கில் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தார். 10-ஆம் தேதி அவர்கள் போன் செய்தபோது என் கைபேசியை அப்பாயியே எடுத்து, "அவ குளிக்கப் போயிருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தனை சரளமாகப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

என்ன கொடுப்பது என்பதற்கும் முறை எதுவும் இல்லாததால் நாங்களே ஒன்றை ஏற்படுத்திக்கொண்டோம். அவர் கைக்கு வரும் ஒரு மாதச் சம்பளம், இருபதாயிரம், ஏஜென்சி வழியாக இல்லாமல் நேராக. அம்மா சேலை எடுக்கலாமா என்று கேட்டபோது எனக்கே தயக்கமாக இருந்தது, செத்த வீட்டில் கொடுப்பது அதுதானே. அக்காவிடமே கேட்டுவிட்டோம். சேலை வேண்டாம் என்றார். வேறொன்று கேட்டார். அப்பாயி திண்ணைப் படி ஏறி இறங்குவதை என் கைபேசியில் படமெடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும்.

"அடுத்த வீட்டுல காட்டுவேன். ஆரும் நம்ப மாட்டாங்க பாப்பா. படுத்தவங்க எந்திரிப்பாங்கன்னு அவங்க பிள்ளைங்களே நம்ப மாட்டாங்க. இதக் காட்டுனா நான் கை குடுக்காம நிக்கறப்ப சண்டைக்கு வர மாட்டாங்க."

அப்பாயியிடம் சம்மதம் கேட்டேன். தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்தார். மூன்று படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். வலது கை சுவரில், இடது கையில் ஊன்றுகோல். படத்தில் அக்கா தெரிய மாட்டார். பின்னால் ஒரு முழம் தள்ளி நிற்கிறார், கீழே அவர் நிழல் மட்டும் விழுந்திருக்கிறது. 41 நொடி ஓடுகிறது.

7-ஆம் தேதி காலை பத்து மணி. அதே ரெக்சின் பை, அதே கட்டைப் பை, கட்டைப் பையில் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் கூடுதல். உறையூரிலிருந்து சத்திரம் வரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அங்கிருந்து துறையூர் வண்டி. காரில் கொண்டுவிடுகிறேன் என்று அப்பா சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார். பைகளை எடுத்துக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம்.

"அப்ப கெளம்புறேன்" என்றார்.

"கெளம்புறேன்னா சொல்றது? போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்றார் அப்பாயி, திண்ணையில் தன் உயர நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அக்கா மறுப்பாகத் தலையாட்டினார். "நான் எந்த வீட்டுலயும் அப்புடிச் சொல்றதில்ல அப்பாயி. நான் வர்றேன்னா அந்த வீட்டுல யாரோ படுத்துட்டாங்கன்னு அர்த்தம்."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பாயி கொஞ்சம் யோசித்தார். முன்னால் சாய்ந்தார். அடிபட்ட காலை முன்னே நீட்டி, நாற்காலிக் கையை அமுக்கி, தானே எழுந்து நின்றார்.

"சரி. அப்ப நான் வர்றேன். தை பொறந்ததும் ஒங்க ஊருக்கு நான் வர்றேன்."

"காருல வா."

"காரெல்லாம் எதுக்கு? பஸ்ஸுலதான் வருவேன்."

அக்கா ஒன்றும் சொல்லாமல் அப்பாயியின் காலைப் பார்த்தார், பிறகு திண்ணைப் படியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, கையை விரித்துப் படியின் உயரத்தை அளந்தார். "பஸ்ஸு படி இதவிட ஒசரம் பாப்பா. இதுக்கு மேல ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா வரும். இந்தப் படி மேல செங்கல்லு ரெண்ட அடுக்கி, மேல பலகையப் போட்டுப் பழகச் சொல்லு. பக்கத்துல ஆள் நிக்கணும். தூக்கக் கூடாது."

செங்கல் கொல்லையில் இருந்தது. பலகை தச்சர் நிலைப்படிக்கு அடித்ததில் மிச்சம். இப்போதைக்கு அப்பாயி படிக்கு மேல் ஒரு செங்கல் உயரத்துக்கு ஏறுகிறார், இடுப்புத் துண்டை அம்மா பிடித்துக்கொள்கிறார். தை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.